லாஞ்ச் தேதி வேறு, லாஞ்ச் திட்டம் வேறு: ஒரு ராகி தோசை மிக்ஸ் கடைக்குப் போகும் கதை

"லாஞ்ச் எப்போது?" என்று கேட்டால் பெரும்பாலான சிறு நிறுவனங்களில் ஒரு தேதி பதிலாக வரும். "திட்டம் இருக்கிறதா?" என்று கேட்டால் அதே தேதியோடு ஒரு விளம்பரப் பட்டியலும் வரும்: போஸ்டர், எஃப்.எம். விளம்பரம், இன்ஸ்டாகிராம் வீடியோ, தொடக்க விழாவுக்கு யாரை அழைப்பது. "போகலாமா, நிறுத்தலாமா என்ற கோ, நோ-கோ முடிவை எப்போது எடுப்பீர்கள்?" என்றால், முந்தின நாள் சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து "எல்லாம் ஓகேதானே?" என்று கேட்டுக்கொள்ளும் கூட்டத்தைச் சொல்வார்கள்.

மூன்று பதிலும் தவறு. அதிலும் மூன்றாவதுதான் காசைக் கரைக்கிற தவறு. முந்தின நாள் சாயங்காலம் "வேண்டாம், நிறுத்துவோம்" என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. அதற்குள் எல்லாச் செலவும் முடிந்திருக்கும்.

## கல்யாணத் தேதியும் பத்திரிகையும்

வீட்டில் கல்யாணம் நடத்தியவர்களுக்கு லாஞ்ச் திட்டம் ஏற்கெனவே தெரியும், பெயர்தான் தெரியாது. முகூர்த்தம் குறித்ததும் என்ன செய்கிறோம்? இன்றிலிருந்து முன்னோக்கி எண்ணுவதில்லை, முகூர்த்த நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுகிறோம். மண்டபம் கிடைத்தால்தான் பத்திரிகை அடிக்க முடியும். பத்திரிகை வந்தால்தான் ஊர் ஊராகப் போய் அழைக்க முடியும். அழைத்து முடித்தால்தான் எத்தனை இலை என்று சமையல்காரரிடம் சொல்ல முடியும்.

இந்த வரிசையில் ஒரு விசேஷமான இடம் இருக்கிறது. பத்திரிகை அச்சுக்குப் போகும்வரை தேதியை மாற்றினால் சின்னச் சங்கடம், அவ்வளவுதான். ஊர் முழுக்கக் கொடுத்த பிறகு மாற்றினால் அது வேறு விஷயம். ஒவ்வொரு திட்டத்திலும் இப்படித் திரும்ப முடியாத சில புள்ளிகள் உண்டு. அவை எங்கே என்று கண்டுபிடித்து, அவற்றுக்கு முன்னால் நின்று யோசிப்பதுதான் திட்டம். மற்றதெல்லாம் வேலைப் பட்டியல்.

## நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம்

கோயம்புத்தூர் பக்கம் ஒரு சிறு உணவு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். புதிதாக 500 கிராம் ராகி தோசை மிக்ஸ் கொண்டுவருகிறார்கள். கோவை, திருப்பூர், ஈரோட்டில் 300 கடைகள், கடைக்கு 24 பாக்கெட், ஆக 7,200 பாக்கெட். முதல் சரக்கு தீர்ந்ததும் கடைக்காரர் மறுபடி கேட்டால் கொடுக்கக் கையில் கொஞ்சம் இருக்க வேண்டும் என்பதால் மொத்தம் 10,000 பாக்கெட் தயாரிக்கத் தீர்மானம். விற்பனை தொடங்கும் நாள் பிப்ரவரி 10. நிறுவனமும் எண்களும் உதாரணத்துக்காக நான் போட்டவை. வேலைகளின் வரிசையும் அவை ஒன்றை ஒன்று இழுக்கும் விதமும் இந்தத் தொழிலில் நிஜமாகவே இப்படித்தான்.

## காலக்கோடு: பின்னாலிருந்து எண்ணுவது

பிப்ரவரி 10 அன்று பாக்கெட் கடை அலமாரியில் இருக்க வேண்டும். அப்படியானால் பிப்ரவரி 2 அன்று லாரி கிளம்ப வேண்டும், ஏனென்றால் டிஸ்ட்ரிபியூட்டரின் வண்டி 300 கடைக்கும் போய் வர ஒரு வாரம் ஆகும்.

ஒரு நாளைக்கு 1,000 பாக்கெட் போடும் மெஷினுக்கு 10,000 பாக்கெட் என்றால் 10 வேலை நாள். ஞாயிறும் குடியரசு தினமும் போக, ஜனவரி 19 திங்கட்கிழமை தொடங்கினால் 30 அன்று முடியும். அதற்கு முந்தைய வாரம் பொங்கல். ஆள் இருக்காது, லாரியும் ஓடாது. அதனால் பாக்கெட்டுக்கான அச்சடித்த பிளாஸ்டிக் ரோல் ஜனவரி 12 அன்றே உள்ளே வந்துவிட வேண்டும்.

ரோல் அச்சடிப்பது நோட்டீஸ் அடிப்பது மாதிரி இல்லை. ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உலோக உருளை செதுக்குவார்கள், தொழிலில் அதற்கு சிலிண்டர் என்று பெயர். சிலிண்டர் செய்து, மாதிரி பார்த்து, அச்சடித்து, அடுக்குகளை ஒட்டி, காயவைத்து, வெட்டித் தர 5 வாரம் கேட்கிறார் அச்சகக்காரர். அப்படியானால் டிசைன் முடிவாகி அவர் கைக்குப் போக வேண்டிய நாள் டிசம்பர் 8.

டிசைனில் என்னென்ன இருக்க வேண்டும்? பெயரும் படமும் மட்டும் போதாது. சேர்மானப் பட்டியல், 100 கிராமுக்கு எவ்வளவு சத்து என்ற அட்டவணை, உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண், சைவத்துக்கான பச்சைக் குறி, எடை, விலை, பார்கோடு, முகவரி, வாடிக்கையாளர் கூப்பிடத் தொலைபேசி எண் எல்லாம் வேண்டும். சத்து அட்டவணைக்கு ஆய்வக அறிக்கை வேண்டும், அதற்கு 2 முதல் 3 வாரம். ஆய்வகத்துக்கு அனுப்பும் மாவுதான் விற்கப்போகும் மாவாக இருக்க வேண்டும். ஆகவே செய்முறையை நவம்பர் 15 அன்று பூட்டிவிட வேண்டும். அதற்கப்புறம் "கொஞ்சம் வெந்தயம் சேர்த்தால் நன்றாக இருக்குமே" என்று யாரும் சொல்லக்கூடாது.

பார்த்தீர்களா, பிப்ரவரியில் விற்கப்போகும் பொருளின் உண்மையான கெடு நவம்பர் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. செய்முறை, ஆய்வகம், டிசைன், சிலிண்டர், ரோல், உற்பத்தி, லாரி என்று ஒன்றுக்குப் பின் ஒன்றாகத்தான் நடக்கக்கூடிய வேலைகளின் நீண்ட சங்கிலிக்கு முக்கியப் பாதை என்று பெயர். இந்தச் சங்கிலியில் ஒரு நாள் நழுவினால் லாஞ்சும் நழுவும். இதற்கு வெளியே இருக்கும் வேலைகள், உதாரணமாக வீடியோவுக்கு ஆள் பிடிப்பது, நாலு நாள் தாமதித்தாலும் குடி முழுகிவிடாது.

சங்கிலியில் கொஞ்சம் உபரி நாளும் இருக்க வேண்டும். நம் கணக்கில் ரோல் வர வேண்டியது ஜனவரி 12, மெஷின் ஓடுவது 19. நடுவில் ஒரு வாரம் இருப்பதுபோலத் தெரிகிறது. ஆனால் ஆய்வக அறிக்கை தாமதமாகி டிசைன் டிசம்பர் 8க்குப் பதில் 11 அன்று போனால், ரோல் தயாராகும் நாள் ஜனவரி 15. அன்று பொங்கல். லாரி வருவது 19. வந்த ரோலை மெஷினில் மாட்டிச் சோதிக்க ஒரு நாள் போனால் உற்பத்தி 20 அன்றுதான். தாளில் ஒரு வாரம் இருந்த உபரியை மூன்று நாள் தாமதம் தின்றுவிட்டது. காலண்டரில் பண்டிகையைக் குறிக்காமல் வாரங்களை மட்டும் எண்ணுகிறவர்கள் மாட்டுவது இந்த இடத்தில்தான்.

முடிச்சை அவிழ்க்கும் தந்திரம் ஒன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். மாவு எத்தனை மாதம் கெடாமல் இருக்கும் என்று சோதிக்க, பாக்கெட்டை வெப்பமும் ஈரப்பதமும் கூடிய பெட்டியில் வாரக்கணக்கில் வைத்துப் பார்ப்பார்கள். நவம்பர் நடுவில் தொடங்கினால் ஜனவரியில்தான் முடிவு தெரியும். லேபிளோ டிசம்பரில் அச்சுக்குப் போகிறது. அப்படியானால் காலாவதித் தேதிக்கு எங்கே போவது? அதை ரோலில் அச்சடிப்பதே இல்லை. அந்த இடத்தை வெற்றாக விட்டு, பாக்கெட் போடும்போது கோடிங் மெஷினால் தயாரிப்புத் தேதி, பேட்ச் எண், காலாவதித் தேதி மூன்றையும் அடிப்பார்கள். இப்படிச் செய்ததும் இரண்டு மாதச் சோதனை முக்கியப் பாதையை விட்டு விலகிவிடுகிறது. ஜனவரி 18க்குள் முடிவு கைக்கு வந்தால் போதும்.

சுருக்கமாக: கடைசி நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள், எது எதற்காகக் காத்திருக்கிறது என்று பாருங்கள், விடுமுறையைக் கழியுங்கள்.

## விளம்பர வேலை எங்கே வருகிறது?

விளம்பரம் என்றதும் எல்லோருக்கும் வாடிக்கையாளர் நினைவுக்கு வருகிறார். ஆனால் முதலில் மனசு வைக்க வேண்டியவர் கடைக்காரர். அவர் அலமாரியில் இடம் கொடுக்காவிட்டால் எஃப்.எம். விளம்பரம் வேறு கம்பெனியின் தோசை மிக்ஸைத்தான் விற்றுக் கொடுக்கும். வாடிக்கையாளர் கேட்பார், கடைக்காரர் "அது இல்லம்மா, இது இருக்கு" என்று பக்கத்திலிருப்பதை எடுத்து நீட்டுவார். அதே வாடிக்கையாளர் இரண்டாவது முறை கேட்பது அபூர்வம்.

அதனால் விளம்பர வேலையை இரண்டாகப் பிரிக்க வேண்டும். பொருளைக் கடைக்குள் ஏற்றுவது ஒன்று: டிஸ்ட்ரிபியூட்டரோடு மார்ஜின் பேசுவது, விற்பனையாளர்களுக்குப் பொருளைச் சமைத்துக் காட்டிப் பழக்குவது, கடைக்காரருக்கு 12 வாங்கினால் 1 இலவசம் என்பது போன்ற ஸ்கீம், ஆர்டர் பிடிப்பது. இது ஜனவரி முதல் வாரத்திலேயே தொடங்கும். பொருளைக் கடையிலிருந்து வெளியே இழுப்பது இன்னொன்று: எஃப்.எம்., செய்தித்தாளில் செருகும் நோட்டீஸ், சமையல் வீடியோ, சனிக்கிழமை சாயங்காலம் கடை வாசலில் தோசை சுட்டு ருசி பார்க்கக் கொடுப்பது. இது பிப்ரவரி 10க்கு முன்னால் ஒரு நாள்கூட ஒலிக்கக் கூடாது.

ஒவ்வொரு வேலைக்கும் பெயர் சொல்லி ஒருவர் பொறுப்பு, ஒரு நாள், அது எதற்காகக் காத்திருக்கிறது என்ற மூன்றும் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் எல்லோரும் விடுவார்கள். சமையல் வீடியோவுக்கு அச்சான பாக்கெட் வேண்டும், அது ஜனவரி 19க்கு முன் கிடைக்காது. ஆனால் வீடியோக்காரரிடம் ஜனவரி 8 என்று தேதி வாங்கி வைத்திருப்பார்கள்.

இதோடு நான்காவதாக ஒரு கேள்வியும் சேர்க்கச் சொல்வேன்: எந்த நாள்வரை ரத்து செய்தால் காசு திரும்பும்? நம் உதாரணத்தில் எஃப்.எம். நிலையம் 5 நாள் முன்னால் சொன்னால் ஒப்புக்கொள்கிறது. அதாவது பிப்ரவரி 5 வரை. நோட்டீஸ் அச்சடித்துவிட்டால் போனது போனதுதான், அதனால் அதில் தேதியே போடாமல் அடிப்பது புத்திசாலித்தனம். இந்தக் கேள்வி எதற்கு என்பது கோ, நோ-கோ வரும்போது தெரியும்.

## தயார்நிலைப் பட்டியல்: ஆதாரம் எங்கே?

வேலைப் பட்டியல் "என்ன செய்ய வேண்டும்" என்று சொல்லும். தயார்நிலைப் பட்டியல் வேறு. "வேலை முடிந்ததற்கு என்ன அத்தாட்சி" என்று அது கேட்கும். "ரோல் வந்ததா?" என்பது வேலைப் பட்டியலின் கேள்வி. "வந்த ரோலில் 200 பாக்கெட் போட்டுப் பார்த்ததில் எத்தனை கசிந்தன?" என்பது தயார்நிலைக் கேள்வி. முதல் கேள்விக்கு "ஆமாம்" என்று சொல்லிவிடலாம். இரண்டாவதற்கு ஓர் எண்ணைத்தான் சொல்ல முடியும்.

கசிவைப் பார்ப்பது எளிது. பாக்கெட்டைத் தண்ணீர்த் தொட்டிக்குள் அமுக்கி, தொட்டியை மூடிக் காற்றை உறிஞ்சினால், ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். மாவுப் பாக்கெட்டில் ஊசிமுனை ஓட்டை போதும், ஈரம் ஏறும், வண்டு வைக்கும். கெட்டது தெரிய இரண்டு மாதம் ஆகும் என்பதால்தான் இது ஆபத்து.

பார்கோடும் அப்படித்தான். "போட்டாச்சு" என்பது பதில் ஆகாது. ஒரு சூப்பர் மார்க்கெட் கவுன்டருக்கு எடுத்துப் போய் அவர்கள் ஸ்கேனரில் "பீப்" என்று ஒலித்ததா? டிசைனர் அழகுக்காகக் கோடுகளைச் சிவப்பில் போட்டிருந்தால் ஒலிக்காது, பெரும்பாலான கடை ஸ்கேனரின் வெளிச்சமும் சிவப்பு, அதன் கண்ணுக்கு சிவப்பும் வெள்ளையும் ஒன்றுதான். பாக்கெட்டில் அச்சடித்த வாடிக்கையாளர் எண்ணையும் ஒரு முறை கூப்பிட்டுப் பாருங்கள். யார் எடுக்கிறார்கள், என்ன சொல்கிறார்கள் என்பது சில சமயம் நல்ல வேடிக்கையாக இருக்கும்.

பட்டியலை நீட்டாதீர்கள். நம் பொருளுக்கு 10 வரி போதும். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் எல்லை எண்ணை முன்கூட்டியே எழுத வேண்டும், இதுதான் முக்கியம். "200ல் ஒன்றுக்கு மேல் கசிந்தால் அந்த நாளின் சரக்கு வெளியே போகாது" என்று நவம்பரில் எழுதினால் அது விதி. ஜனவரி கடைசியில் 200ல் 7 கசிந்தது தெரிந்த பிறகு எழுதினால், அந்த எல்லை எப்படியோ 8 ஆகிவிடும்.

எல்லா வரியும் ஒரே கனம் இல்லை. கசிவு, உரிமம், எடை, கெடும் காலம் ஆகியவை தாண்டவே கூடாத வரிகள். வீடியோ தயாரா, கடைப் பலகை வந்ததா என்பவை இல்லாவிட்டாலும் போகலாம் என்ற வகை. இரண்டையும் கலந்து "10க்கு 8 ஆச்சு, 80 சதவீதம் தயார்" என்று சொல்வது அர்த்தமில்லாத கணக்கு.

## கோ, நோ-கோ: எங்கே நின்று கேட்பது

இந்தச் சொல்லை ராக்கெட் ஏவுகிறவர்கள் பிரபலமாக்கினார்கள். 2019 ஜூலை 15 அதிகாலை சந்திரயான்-2 கிளம்ப 56 நிமிடமும் சில நொடிகளும் இருக்கும்போது, தொழில்நுட்பக் கோளாறு தெரிந்து இஸ்ரோ கவுன்ட்-டவுனை நிறுத்தியது. நாடே விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு வாரம் கழித்து 22 அன்று ஏவினார்கள். நோ-கோ என்றால் கைவிடுவது இல்லை, பெரும்பாலும் தள்ளிப்போடுவதுதான்.

எதிர்மாறான கதையும் உண்டு. 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் கிளம்பி 73 நொடியில் வெடித்து 7 பேர் இறந்தார்கள். முந்தின இரவு, ராக்கெட்டைச் செய்த நிறுவனத்தின் பொறியாளர்கள் குளிர் அதிகம், ரப்பர் வளையங்கள் தாங்காது, வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் சொன்னார்கள். "பாதுகாப்பானது என்று காட்டுங்கள்" என்று வழக்கமாகக் கேட்கும் இடத்தில் அன்று "பாதுகாப்பற்றது என்று நிரூபியுங்கள்" என்ற மாதிரி கேள்வி திரும்பிவிட்டது என்று அவர்களில் ஒருவர் பின்னர் விசாரணையில் சொன்னார். தோசை மாவுக்கு உயிர் போகாது, சரி. ஆனால் கேள்வி திரும்புவது எல்லாக் கூட்டத்திலும் நடக்கும். ஆதாரம் இல்லையென்றால் பதில் நோ-கோ. இதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் திட்டத்தில் எங்கே நிற்க வேண்டும்? திரும்ப முடியாத புள்ளிகள் இரண்டு. சிலிண்டர் செதுக்கத் தொடங்குவது முதலாவது: லேபிளில் ஒரு தவறு இருந்தால் சிலிண்டரும் ரோலும் குப்பை. ஆகவே முதல் வாசல் டிசம்பர் 8. லாரி கிளம்புவது இரண்டாவது: 300 கடைக்குப் போன சரக்கைத் திரும்ப எடுப்பது, அனுப்பியதைவிடப் பல மடங்கு வேலை. ஆகவே இரண்டாவது வாசல் ஜனவரி 31. அன்று நிறுத்தினால் எஃப்.எம். காசும் திரும்பும். பிப்ரவரி 9 சாயங்காலக் கூட்டத்தில் முடிவு செய்ய எதுவுமே மிச்சமில்லை. அது சமோசா சாப்பிடத்தான்.

## ஜனவரி 31 கூட்டம்

மேஜையில் 10 வரிப் பட்டியல். எட்டில் பிரச்சினை இல்லை.

ஒன்பதாவது, கெடும் காலம். விற்பனைப் பிரிவு 6 மாதம் கேட்டிருந்தது. சோதனை 4 மாதத்துக்குத்தான் துணை நின்றது. இது ஜனவரி 18 அன்றே தெரிந்து, கோடிங் மெஷினில் 4 மாதம் என்றே அடித்துவிட்டார்கள். இப்போது செய்ய வேண்டியது கடைக்காரர்களிடம் சொல்வது மட்டும்.

பத்தாவது, கசிவு. தினமும் 200 பாக்கெட் எடுத்துப் பார்த்ததில் முதல் எட்டு நாளும் ஒன்றோ பூஜ்யமோ. கடைசி இரண்டு நாளில் 7ம், 7ம். காரணமும் தெரிந்தது: சீல் விழும் இடத்தில் மாவுத் தூள் படிந்திருக்கிறது, தூள் நடுவில் இருந்தால் பிளாஸ்டிக் பிளாஸ்டிக்கோடு ஒட்டாது.

விற்பனை மேலாளர் கேட்பது நியாயமாகவே தோன்றும்: "200ல் 7 தானே? அந்த 2,000 பாக்கெட்டில் 70 கசியும். 10,000ல் 70 பெரிய விஷயமா?" கணக்கு சரி, பார்வைதான் தவறு. அந்த 70 பாக்கெட்டும் ஒரே கடைக்குப் போகாது, அறுபது எழுபது கடைகளில் ஆளுக்கு ஒன்றாகச் சிதறும். 300 கடையில் ஏறக்குறைய நாலில் ஒரு கடைக்காரர், புதுக் கம்பெனியின் முதல் பொருளில் வண்டைப் பார்ப்பார்.

உற்பத்திப் பொறுப்பாளரின் பதில் இன்னும் உபயோகமானது: "கோளாறு இரண்டு நாளோடு நின்றுவிட்டது. மீதி 8,000 சுத்தம். நமக்கு இப்போது வேண்டியது 7,200."

இப்படித்தான் மூன்றாவது வகை முடிவு பிறக்கிறது, நிபந்தனையோடு கோ. கடைசி இரண்டு நாள் பேட்ச் தனியாகப் பூட்டி வைக்கப்படும், 8,000 கிளம்பும். நிபந்தனைக்கும் பொறுப்பாள், தேதி, தவறினால் என்ன என்ற மூன்றும் வேண்டும். மெஷினில் தூள் உறிஞ்சும் குழாயைச் சரிசெய்து, 2,000 பாக்கெட்டையும் பிப்ரவரி 9க்குள் புதிதாகப் பாக்கெட் போட்டுச் சோதிப்பது உற்பத்திப் பொறுப்பாளரின் வேலை. முடியாவிட்டால் மறு ஆர்டர் எடுப்பது ஒரு வாரம் நிறுத்தப்படும். கசிவு எல்லா நாளிலும் பரவியிருந்தால் இந்த வழியே கிடையாது, லாஞ்ச் பிப்ரவரி 17க்குப் போயிருக்கும்.

முடிவைச் சொல்பவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். கை தூக்கி ஓட்டுப் போட்டால் கூட்டத்தில் ஆள் அதிகமுள்ள பிரிவு ஜெயிக்கும், அது எப்போதும் விற்பனைப் பிரிவு. நம் உதாரணத்தில் உரிமையாளர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, பட்டியலின் அடியில் "8,000 கோ, 2,000 நிறுத்தம்" என்று எழுதி, காரணத்தை ஒரு வரியில் சேர்த்துக் கையெழுத்துப் போடுகிறார். திங்கட்கிழமை காலை லாரி ஏற்றுகிறவர் கையில் அந்தத் தாளின் நகல் ஒன்று இருக்கும். எந்த பேட்ச் எண் ஏறக் கூடாது என்று அதில் வட்டமிட்டிருக்கும்.